கனடா அனுபவம் இல்லை என்கிறார்களே, ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

வாசகியின் கடிதம்

"எனக்கு வயது 36. சொந்த ஊர் கோவைப் பக்கம். பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசியில் சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ். மகன் பிறந்த பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். 2024 ஆகஸ்டில் கணவருடன் பி.ஆர். வாங்கி மிசிசாகா வந்தோம். அவருக்கு நல்ல வேலை அமைந்துவிட்டது. நான் ஐந்து மாதம் ஒரு மளிகைக் கடையில் கேஷியராக இருந்தேன். இங்கே நான் பார்த்த வேலை அது ஒன்றுதான். இதுவரை 160 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இரண்டே போன்தான் வந்தது. இரண்டிலும் 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே' என்றார்கள். அப்படிக் கேட்பது சட்டப்படி தவறு என்கிறார்களே, உண்மையா? தெரிந்தவர் ஒருவர் 1,500 டாலர் கொடுத்தால் தன் நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை பார்த்ததாகக் கடிதம் தருகிறேன், யாராவது போன் செய்தாலும் பேசிக்கொள்கிறேன் என்கிறார். தோழியோ இரண்டு வருட டிப்ளமோ படி என்கிறாள். கடை வேலையை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடவா? பதவியை 'அக்கவுண்ட்ஸ் மேனேஜர்' என்று மாற்றிக்கொள்ளலாமா? எந்த வழியில் போவது என்றே தெரியவில்லை."

வேலை ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு ரெஸ்யூமேயையும் அனுப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று. அதைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேலே இருந்த மொபைல் எண். அது உங்கள் கணவருடையது, இல்லையா? மின்னஞ்சல் முகவரியும் அவர் பெயரில் இருக்கிறது. வந்த புதிதில் ஒரே சிம் வாங்கியிருப்பீர்கள், எல்லாப் படிவத்திலும் அதையே எழுதிப் பழகியிருப்பீர்கள். ஆனால் ஆள் எடுப்பவர் பகல் பதினொரு மணிக்கு அழைக்கும்போது உங்கள் கணவர் மீட்டிங்கில் இருப்பார். வாய்ஸ்மெயிலில் ஓர் ஆண் குரல் தன் பெயரைச் சொல்லும். தவறான எண் என்று நினைத்து அவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். 160 விண்ணப்பத்துக்கு இரண்டு போன் என்கிறீர்கள். உண்மையில் வந்தவை எத்தனை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்கே உங்கள் பெயரில் ஓர் எண் வாங்குங்கள், ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், உங்கள் குரலில் வாய்ஸ்மெயில் பதிவு செய்யுங்கள்.

லிங்க்ட்இனில் உங்கள் இடம் இன்னும் கோயம்புத்தூர் என்றே இருக்கிறது. ஆள் தேடுபவர்கள் ஊரை வைத்துத்தான் முதலில் சலிப்பார்கள். மிசிசாகா என்று தேடுகிறவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிரிவு வேலைகளுக்குச் சில நிறுவனங்கள் உங்கள் ஒப்புதலோடு கிரெடிட் வரலாற்றையும் பார்ப்பதுண்டு. கணவரின் கார்டோடு இணைத்த கார்டு மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், உங்கள் பெயரில் சிறிய வரம்போடு தனி கார்டு ஒன்றை எடுத்து மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவாருங்கள்.

அந்த 1,500 டாலர் கடிதம்

வேண்டாம். ஒழுக்கம் பற்றிப் பேசி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். அது ஏன் வேலைக்கு ஆகாது என்று மட்டும் சொல்கிறேன்.

கனடாவில் ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தால் அதற்கு ஒரு தடம் இருக்கும். அடுத்த பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி டி-4 என்ற சம்பளச் சான்றைத் தர வேண்டும், வரித் துறையான சி.ஆர்.ஏ.வுக்கும் அனுப்ப வேண்டும். வேலையை விட்டால் ஆர்.ஓ.இ. என்ற பணிப் பதிவு போடப்படும். நீங்கள் கடை வேலையை விட்டபோது உங்களுக்கும் ஒன்று போட்டிருப்பார்கள், சர்வீஸ் கனடா கணக்கில் பாருங்கள். பின்னணி சோதிக்கும் நிறுவனங்கள் பழைய முதலாளியிடமிருந்து சரியான உறுதி கிடைக்காவிட்டால் விண்ணப்பித்தவரிடமே டி-4 அல்லது சம்பளச் சீட்டு கேட்கும். அப்போது எதைக் காட்டுவீர்கள்? அதையும் செய்து தருகிறேன் என்று அந்த மனிதர் சொன்னால், விவகாரம் வரித் துறை வரை போகும். பொய்யான ஆவணம் செய்வதும், பொய் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும் கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம்.

சோதனையில் தப்பித்தாலும் நேர்காணல் இருக்கிறது. ஒண்டாரியோவில் ஒரு வருடம் சம்பளக் கணக்கு பார்த்ததாகக் கடிதம் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். 'வேலையை விட்டுப் போகிறவருக்கு என்ன ஆவணம் கொடுப்பீர்கள்?' என்று கேட்டார்கள். ஆர்.ஓ.இ. என்று சொல்லாமல் 'ரிலீவிங் லெட்டர்' என்றார். அங்கேயே முடிந்தது. வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தால் இன்னும் மோசம். நோட்டீசோ இழப்பீடோ இல்லாமல் வெளியே அனுப்பலாம். இங்கே ரெஃபரன்ஸ் கிடைப்பதே கஷ்டம் என்ற நிலையில், வாயே திறக்க முடியாத ஒரு வேலை உங்கள் வரலாற்றில் சேர்ந்துவிடும்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. 2026 ஜனவரி 1 முதல் ஒண்டாரியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்திலும் அதற்கான விண்ணப்பப் படிவத்திலும் கனடா அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. பெரும்பாலான விளம்பரங்களில் சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும். நேர்காணல் நடத்தினால் 45 நாட்களுக்குள் முடிவாயிற்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். மீறினால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யலாம்.

ஆனால் இந்த விதி விளம்பரத்தோடும் படிவத்தோடும் நின்றுவிடுகிறது. எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன ஆடிட்டிங் அலுவலகத்துக்கு இது பொருந்தாது. போனில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதையும் இது நேராகத் தொடாது. அதற்கு மனித உரிமைச் சட்டம் இருக்கிறது. கனடா அனுபவத்தைக் கண்டிப்பான நிபந்தனையாக வைப்பது பாரபட்சமாகவே பார்க்கப்படும் என்று ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே கொள்கையாக வெளியிட்டது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். போடலாம் என்பது சரி, ஆனால் சாட்சியில்லாத இரண்டு போன் பேச்சை வைத்துக்கொண்டு உங்கள் அடுத்த வருடத்தை அதில் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளம்பரத்திலேயே எழுத்தில் அந்த நிபந்தனையைப் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள், அது பத்து நிமிட வேலை.

'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை' என்று சொல்கிறவர் மனதில் பெரும்பாலும் மூன்று சந்தேகங்கள் இருக்கும். இந்த ஊர் வரி, சம்பள விதிகள் இவருக்குத் தெரியுமா? சப்ளையரிடம் போனில் பேசி வேலையை முடிப்பாரா? இவரைப் பற்றிக் கேட்டால் சொல்ல இங்கே யாராவது இருக்கிறார்களா? எத்தனை வருடம் என்பது இவற்றுக்குப் பிறகுதான் வரும். மூன்றுக்கும் விடை சொல்லும்படி உங்கள் ரெஸ்யூமேயை மாற்றுவதுதான் இப்போது வேலை.

திருப்பூரின் எட்டு வருடத்தை இங்குள்ளவர் படிக்கும்படி எழுதுவது

பதவிப் பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் விண்ணப்பங்கள் பலவும் அங்கேயே விழுந்திருக்கும். நம் ஊரில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்றால் கணக்கு எழுதுபவர். வட அமெரிக்காவில் அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ் என்றால் விற்பனைப் பிரதிநிதி. ஒரு 'ஸ்' மட்டுமே வித்தியாசம். பத்து விநாடியில் ஒரு ரெஸ்யூமேயைப் புரட்டுகிறவர் உங்களை சேல்ஸ் ஆள் என்று நினைத்து ஒதுக்கியிருப்பார். அல்லது 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து, இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் ஏன் கிளார்க் வேலைக்கு வருகிறார் என்று யோசித்திருப்பார்.

அதற்காக 'மேனேஜர்' என்று மாற்றாதீர்கள். திருப்பூர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனால் அவர்கள் பழைய பதவியைத்தான் சொல்வார்கள், அப்போது பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள். உண்மையான பதவியை அப்படியே எழுதி, பக்கத்திலேயே அந்த வேலையை இங்கே என்ன சொல்வார்களோ அதைச் சேருங்கள்: 'சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ், அதாவது அக்கவுண்ட்ஸ் பேயபிள், ரிசீவபிள் கணக்காளர்'. இதில் பொய் எதுவும் இல்லை, தேடுபவரின் சலிப்பிலும் சிக்கும்.

அடுத்து, பதவிக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த வரி: 'தினசரி கணக்கு, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., வங்கி வேலைகள் அனைத்துக்கும் பொறுப்பு.' இதைப் படிக்கிற மிசிசாகாக்காரருக்கு அந்த நிறுவனம் பெட்டிக்கடையா பெரிய ஆலையா என்று தெரியாது. டி.டி.எஸ். என்றால் என்னவென்றும் தெரியாது. நான் திரும்பக் கேட்டபோது நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து அதே வரியை இப்படி விரிக்கலாம். ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்:

"பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், 350 ஊழியர்கள், ஆண்டு விற்பனை சுமார் 12 மில்லியன் கனேடிய டாலர்.
மாதம் 400 சப்ளையர் பில்களை ஆர்டரோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டு, பதிவு செய்து, பணம் அனுப்பத் தயார் செய்தேன்.
டாலர், யூரோ வரவுகளை மூன்று வங்கிக் கணக்குகளோடு மாதாமாதம் சரிபார்த்தேன்.
விற்பனை வரியின் உள்ளீட்டு வரவைப் பில் வாரியாகச் சரிபார்த்து மாதக் கணக்கு தாக்கல் செய்தேன்.
மாத முடிவுக் கணக்கை ஆறு நாளில் முடித்தோம்."

75 கோடி ரூபாய் என்று நீங்கள் சொன்னதை 12 மில்லியன் டாலர் ஆக்கியிருக்கிறேன். கோடியும் லட்சமும் இங்கே யாருக்கும் பிடிபடாது. பில், ஆர்டர், சரக்குச் சீட்டு மூன்றையும் ஒப்பிடுவதை இங்கே 'த்ரீ-வே மேட்ச்' என்பார்கள். அந்தச் சொல் அக்கவுண்ட்ஸ் பேயபிள் விளம்பரங்களில் அடிக்கடி வரும், நீங்கள் எட்டு வருடமாகச் செய்ததும் அதைத்தான். பெயர் தெரியாததால் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். டி.டி.எஸ். என்பதற்குப் பதில் 'பிடித்தம் செய்யும் வரி' என்ற பொருளில் 'வித்ஹோல்டிங் டாக்ஸ்' என்றும், டேலிக்குப் பக்கத்தில் 'கணக்கு மென்பொருள்' என்றும் எழுதுங்கள்.

எண்களில் ஒரு எச்சரிக்கை. மாதம் 400 பில் என்று எழுதினால், 'அதில் எத்தனை ஒத்துப்போகாமல் வரும், அப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். விடை இருக்கும் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை, கடைசியில் இருக்கும் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும்.

வீட்டில் இருந்த இரண்டு வருடத்தை மறைக்க வேண்டாம். தேதிகளை நீட்டி மூடினால் சோதனையில் மாட்டும். 'குடும்பப் பொறுப்பு காரணமாக இடைவெளி' என்று ஒரே வரியில் எழுதுங்கள். லிங்க்ட்இனில் இடைவெளியைக் குறிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. நேர்காணலில் குழந்தை உண்டா, அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. குடும்ப நிலை மனித உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறது. நம் பெண்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். 'இப்போது முழுநேரமும் வேலைக்கு வர முடியும்' என்று சொல்லி நிறுத்துங்கள்.

திருப்பூர் வேலைக்கான சான்றுகளையும் இப்போதே சேர்த்து வையுங்கள்: பணி விடுவிப்புக் கடிதம், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக். பழைய நிறுவனத்தில் பதில் சொல்ல ஆள் மாறிவிட்டாலும் இவை பேசும். உங்கள் பழைய மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, நிறுவன முகவரியிலிருந்து வரும் அவருடைய மின்னஞ்சலைக் கொடுங்கள். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே இரவு ஏழரை அல்லது எட்டரை. போனில் பிடிப்பதைவிட மின்னஞ்சல்தான் நடக்கும்.

இங்கத்திய வரி ஒன்று வேண்டும்

கடை வேலையை எடுக்காதீர்கள். ரெஸ்யூமேயில் ஒரு வேலையை விட்டுவிடுவது பொய்யாகாது, ஆனால் 'கடந்த ஐந்து வருட வேலைகள் அனைத்தையும்' கேட்கும் படிவத்தில் விட்டால் அது பொய்தான். அதைவிட முக்கியம், உங்களிடம் இருக்கும் ஒரே உள்ளூர் சாட்சி அந்தக் கடைதான். 'பிற அனுபவம்' என்ற தலைப்பில் இரண்டு வரி போதும்: ஷிஃப்ட் முடிவில் கல்லாவை எண்ணி ரசீதோடு சரிபார்த்தது, நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாடிக்கையாளரோடு பேசியது. மேலே சொன்ன இரண்டாவது சந்தேகத்துக்கு இதுவே பதில். சூப்பர்வைசரை நேரில் போய்ப் பார்த்து ரெஃபரன்ஸ் தருவாரா என்று கேளுங்கள். சில கடைகளில் தேதியையும் பதவியையும் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று விதி இருக்கும். அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்குத் துறையிலேயே ஓர் உள்ளூர் வரி வேண்டும் என்றால், இந்தப் பருவத்தில் அதற்கு மிக நேரான வழி சி.வி.ஐ.டி.பி. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு போட்டுத்தரும் தன்னார்வத் திட்டம் அது. சி.ஆர்.ஏ. ஆதரவோடு நூலகங்களிலும் சமூக மையங்களிலும் வழிபாட்டு இடங்களிலும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முகாம் நடக்கும். வரி தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. முகாம் நடத்தும் ஓர் அமைப்பில் சேர்ந்து, சி.ஆர்.ஏ.வில் தன்னார்வலராகப் பதிவு செய்து, போலீஸ் சான்று வாங்க வேண்டும். பயிற்சியும் மென்பொருளும் இலவசம்.

அங்கே உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேரின் டி-4 உங்கள் கையில் வந்து போகும். ஓய்வூதியப் பிடித்தமான சி.பி.பி., வேலைக் காப்பீடான ஈ.ஐ., குழந்தைகளுக்கான உதவித்தொகை எல்லாம் கண்ணெதிரே நடக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் 'வாடகை ரசீது இருக்கிறதா?' என்று ஆங்கிலத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏப்ரல் முடிவில் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் வரி இப்படி இருக்கும்: 'தன்னார்வ வரிக் கணக்காளர், மிசிசாகா, 2026: இத்தனை பேருக்கு வரிக் கணக்கு தாக்கல்.' முகாமை நடத்துகிறவர் இரண்டாவது ரெஃபரன்ஸ் ஆவார். இதற்குச் சம்பளம் கிடையாது, உண்மைதான். ஆனால் ஒரு தனியார் நிறுவனம் 'மூன்று மாதம் சும்மா வந்து கணக்கு எழுது, அனுபவம் கிடைக்கும்' என்று சொன்னால் அது வேறு விஷயம். லாபத்துக்கு நடக்கும் இடத்தில் ஊழியர் செய்யும் வேலையைச் செய்தால் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம் தந்தாக வேண்டும். போகாதீர்கள்.

கூடவே சம்பளக் கணக்கில் ஒரே ஒரு பாடம் படிக்கலாம். நேஷனல் பேரோல் இன்ஸ்டிட்யூட் நடத்தும் முதல் பாடம் கனடாவின் சம்பளச் சட்டங்கள் பற்றியது. அதற்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கடைச் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். மொத்தச் சம்பளம், சி.பி.பி., ஈ.ஐ., வருமான வரி, விடுமுறைச் சம்பளம் என்று ஒவ்வொரு வரியும் எப்படி வந்தது என்று சி.ஆர்.ஏ. தளத்தில் இருக்கும் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். டாலரும் சென்டும் ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். ஒரு மாலை நேரம் ஆகும். குவிக்புக்ஸ் ஆன்லைன் மென்பொருளின் பயிற்சியும் சான்றும் கணக்காளர்களுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன, டேலி தெரிந்தவருக்கு அது கஷ்டமே இல்லை.

இங்கத்திய விற்பனை வரியான ஹெச்.எஸ்.டி. உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். ஒண்டாரியோவில் 13 சதவீதம். விற்றதில் வாங்கிய வரியிலிருந்து வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்து மீதியைக் கட்டுவது நம் ஜி.எஸ்.டி. போலவேதான். நம் ஊரில் சப்ளையர் போர்ட்டலில் பில்லை ஏற்றாவிட்டால் உங்கள் வரவு நின்றுவிடும். இங்கே அப்படி ஒரு போர்ட்டல் ஒப்பீடு கிடையாது, பில் முறையாகக் கையில் இருந்தால் வரவு எடுக்கலாம், பிறகு தணிக்கையில் கேட்டால் காட்ட வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை நேர்காணலில் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டு வருட டிப்ளமோ இப்போது வேண்டாம். நீங்கள் எட்டு வருடம் செய்த வேலையின் அரிச்சுவடியையே அதில் பெரும்பகுதி மறுபடி படிப்பீர்கள். முடித்து வெளியே வரும்போதும் உள்ளூர் வேலை வரலாறு அதே மளிகைக் கடையாகத்தான் இருக்கும். இங்கத்திய பட்டயக் கணக்காளர் தகுதியான சி.பி.ஏ. மீது ஆசை இருந்தால் வேலையில் சேர்ந்த பிறகு பேசலாம்.

எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது

நீங்கள் அனுப்பிய பட்டியலில் பாதி சீனியர் அக்கவுண்டன்ட், மீதி ஆபீஸ் அசிஸ்டன்ட். முதலாவதில் இங்கத்திய வரி, தணிக்கை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், சி.பி.ஏ. படித்துக்கொண்டிருப்பவர்கள் போட்டிக்கு வருவார்கள். இரண்டாவதில் உங்கள் அனுபவமே எதிராக வேலை செய்யும். ஒரு படி மட்டும் இறங்குங்கள்: அக்கவுண்ட்ஸ் பேயபிள், அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், சம்பளக் கணக்கு உதவியாளர்.

அதிலும் முதலில் தேட வேண்டியது பிரசவ விடுப்புக்குப் பதிலாக எடுக்கும் ஒப்பந்த வேலை. ஒண்டாரியோவில் பிரசவ விடுப்பு 17 வாரம், அதைத் தொடர்ந்து பெற்றோர் விடுப்பு 61 வாரம் வரை எடுக்கலாம், திரும்பி வரும்வரை அவருடைய இடத்தைக் காத்து வைக்க வேண்டும். எனவே ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் இதற்காக அதை விட்டு வர மாட்டார்கள். ஆக, போட்டி கொஞ்சம் குறைவு, உங்களுக்குக் கிடைப்பதோ யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு வருட கனடா அனுபவம், டி-4 சகிதமாக. விளம்பரத்தில் 'மெட்டர்னிட்டி லீவ்', '12 மாத ஒப்பந்தம்' என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வேலை போகும் என்ற அபாயம் இருக்கத்தான் செய்கிறது, கணவருக்கு வேலை இருக்கும் இந்தக் காலத்தில் அதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த ஒப்பந்தங்கள் பலவும் தற்காலிக வேலை ஏஜென்சிகள் வழியாக வருகின்றன. கணக்குத் துறைக்கென்றே இருக்கும் இரண்டு மூன்று ஏஜென்சிகளில் பதிவு செய்யுங்கள். ஒண்டாரியோவில் ஏஜென்சி உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவுக்கு, ரெஸ்யூமே திருத்த என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பி.ஆர். என்பதால் குடியேறியோருக்கான வேலை உதவி மையங்கள் உங்களுக்கு இலவசம். டொரண்டோ வட்டாரத்தில் டி.ஆர்.ஐ.இ.சி. அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரோடு இணைத்துவிடுவார்கள். அவரிடம் வேலை கேட்காதீர்கள், இந்தப் புது ரெஸ்யூமேயைக் காட்டி எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் 20 விண்ணப்பம் மட்டும், ஒவ்வொன்றையும் விளம்பரத்தோடு ஒப்பிட்டு அனுப்பி மூன்று வாரம் பாருங்கள். போனே வரவில்லை என்றால் கோளாறு இன்னும் தாளில் இருக்கிறது. போன் வந்து நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை என்றால் பேச்சில். நேர்காணல் இரண்டு மூன்று நடந்தும் கைகூடவில்லை என்றால் உள்ளூர் விதிகளிலோ ரெஃபரன்ஸிலோ தேடுங்கள். 160 விண்ணப்பம் அனுப்பியும் எங்கே அடைப்பு என்று தெரியாமல் போனதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் ஒரே தாளை அனுப்பியதுதான்.

மறுபடி ஒருவர் போனில் 'கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் உண்டா?' என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கும் குரலில் இல்லை என்று சொல்லாதீர்கள். 'எட்டு வருடம் ஏற்றுமதி நிறுவனத்தில் பேயபிள் பார்த்தேன், மாதம் 400 பில். இங்கே கடையில் கல்லாக் கணக்கு முடித்திருக்கிறேன், இந்த வருடம் தன்னார்வலராக வரிக் கணக்கு போடுகிறேன், குவிக்புக்ஸ் தெரியும்' என்று இருபது விநாடியில் சொல்லி முடியுங்கள். கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள், கணவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

போலீஸ் சான்று கைக்கு வரச் சில வாரம் ஆகலாம், முகாம்கள் மார்ச்சில் தொடங்கிவிடும். புது மொபைல் எண் வந்த அன்றே, மிசிசாகாவுக்குரிய பீல் காவல் துறையின் தளத்தில் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ரெஸ்யூமேயைத் திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 'எக்ஸிகியூட்டிவ்' வரியை எப்படி மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.